முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமா?

கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது கவனித்திருப்பீர்கள். பெண்ணின் கழுத்தும் கைகளும் நல்ல மாநிறம். முகம் மட்டும் சாம்பல் பூசினாற்போல் வெளிறிக் கிடக்கும். "மேக்கப் ஜாஸ்தி" என்போம். ஜாஸ்தி இல்லைங்க, ஷேடுதான் தப்பு.

தப்பு கடையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்க்கிறோம். வெயில் பட்டுக் கறுத்த புறங்கையின் நிறம் முகத்தின் நிறமாக இருக்காது. கடை விளக்கின் வெளிச்சமும் நிறத்தை மாற்றிக் காட்டும்.

தாடை ஓரத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும்படி மூன்று ஷேடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் கோடு போடுங்கள். கைக்கண்ணாடியோடு வாசலுக்கு வாருங்கள். நேர் வெயில் வேண்டாம், வெளிச்சமான நிழல் போதும். பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுங்கள். பல ஃபவுண்டேஷன்கள் காய்ந்து, சருமத்தின் எண்ணெயோடு சேர்ந்ததும் கொஞ்சம் கறுத்துவிடும். அதன் பிறகும் எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ, அதுதான் உங்களுடையது.

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் இப்படித்தான் பார்த்தார். முதல் கோடு வெளிர் ரோஸ். தாடையில் சாம்பலாகத் தெரிந்தது. இரண்டாவது அவர் அளவுக்கே கறுப்பு, ஆனால் அதிலும் ரோஸ் கலப்பு. கறுப்பு சரியாக இருந்தும் தனியாகவே தெரிந்தது! மூன்றாவது அதே கறுப்பு, மஞ்சள் சாயல். கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சருமத்துக்கு அடியில் தெரிகிற சாயல் என்பது இதுதான். சிலருக்கு மஞ்சள், சிலருக்குச் சிவப்பு, சிலருக்கு லேசான பச்சை. ஒரே அளவு கறுப்புள்ள அக்கா, தங்கைக்குக்கூட ஒரே ஷேடு பொருந்தாமல் போகலாம். கோடு செங்கல் நிறமாகத் துருத்தினால், சிவப்போ ஆரஞ்சோ கூடிவிட்டது என்று அர்த்தம்.

கன்சீலரில் செய்கிற தப்பு வேறு. கருவளையத்தை மறைக்க இரண்டு ஷேடு வெளுப்பானதை அப்புகிறோம். கருமை அடியிலிருந்து எட்டிப் பார்க்க, மேலே வெள்ளை சேர, கண்ணைச் சுற்றிச் சாம்பல் வளையம்தான் மிச்சம். மாநிறக்காரர்கள் முதலில் பீச் நிறக் கரெக்டரையும், நல்ல கறுப்பு நிறத்தவர்கள் ஆரஞ்சு நிறத்தையும் கருமை உள்ள இடத்தில் மட்டும் மெலிதாக ஒற்றுங்கள். அதன்மேல் ஃபவுண்டேஷன் நிறத்திலேயே கன்சீலர். அந்த டீச்சருக்குக் கடுகளவு பீச் போதுமானதாக இருந்தது.

நெற்றியும் வாயைச் சுற்றியும் கறுத்து, கழுத்து வெளுப்பாக இருக்கிறவர்கள் பலர். அவர்கள் கழுத்தைப் பார்த்தே ஷேடு எடுக்கலாம். ஆனால் கழுத்து மடிப்பு வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால், அதை வைத்து ஷேடு எடுக்காதீர்கள். மேல்மார்பின் நிறத்தைப் பாருங்கள். அந்தக் கறுப்பு தேய்த்தால் போகிற அழுக்கு அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.