வளைந்த கைப்பிடியும் ஒரு கடிதமும்

அன்புள்ள ஐயா,

உங்கள் பைண்டிங் பிரஸ்ஸின் கைப்பிடி வளைந்துவிட்டது, இரும்பு மட்டமா என்று கேட்டிருந்தீர்கள். கைப்பிடியைக் கழற்றி மேஜையில் வைத்துப் பார்த்தேன். இரும்பு நல்ல இரும்புதான். உங்கள் ஆட்களும் முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை.

வளைவு எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கீழே விழுந்தோ அடிபட்டோ வளைந்திருந்தால் அடிபட்ட இடத்தில் நசுங்கல் தெரியும். இதில் அப்படி எதுவும் இல்லை. திருகின் தலைக்குள் கம்பி நுழையும் இடத்தை ஒட்டித்தான் வளைந்திருக்கிறது. அங்கே வெளிப்பக்கத்துப் பெயின்ட் குறுக்குக் கோடுகளாக வெடித்திருக்கிறது. மற்ற நீளமெல்லாம் நேராக இருக்கிறது. நுனியைப் பிடித்து இழுக்கும்போது கம்பியின் பாரம் முழுக்க அந்த அடிப்பகுதியில்தான் விழும்.

பழைய கைப்பிடி 400 மி.மீ. நீளம், 16 மி.மீ. தடிமன். இறுக்குவது சுலபமாக வேண்டும் என்று 600 மி.மீ. கேட்டீர்கள்; தடிமன் மாறவில்லை. ஆனால் தாள்கட்டை இறுக்குகிறவர் அளந்து இழுப்பதில்லை, கைக்கு இறுக்கம் தெரியும்வரை இழுக்கிறார். அந்த இழுப்பு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பழைய கம்பியின் அடியில், மேல்தோலில், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20 கிலோ அழுத்தம் வரும். அதே இழுப்புக்கு நீளக் கம்பியில் அது 30 கிலோ. சாதாரண எம்.எஸ். கம்பி ஏறக்குறைய 25 கிலோ வரைதான் வளைந்துவிட்டுத் திரும்பும். அதைத் தாண்டினால் கையை எடுத்தாலும் கொஞ்சம் வளைவு தங்கிவிடும். உங்கள் கைப்பிடியில் நடந்தது இதுதான்.

நிமிர்த்தித் தரக் கேட்டீர்கள். நிமிர்த்தலாம், ஆனால் அதே இழுப்பில் மறுபடி வளையும். வெப்பப்பதம் செய்த இஎன் 8 கம்பி போட்டால் நிரந்தரமாக வளையாது. ஆனாலும் இழுக்கும்போது நுனி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் துவளும். எந்த எஃகானாலும் அந்தத் துவளல் ஏறக்குறைய ஒன்றுதான். இறுக்கம் கைக்குச் சரியாகத் தெரியாது.

அதனால் தடிமனை 20 மி.மீ. ஆக்கச் சொல்கிறேன். 4 மி.மீ. கூடுவது சின்ன மாற்றமாகத் தோன்றும். ஆனால் உருண்டைக் கம்பியில் தாங்கும் பலம் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, அதனால் பலம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அடியில் விழும் அழுத்தம் 15 கிலோவுக்கு இறங்கும், துவளலும் சுமார் 9 மி.மீ. ஆகும். திருகின் தலைத் துளையையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும். அதற்குத் தலையில் போதுமான கனம் இருக்கிறது.

மாட்டியதும் நீங்களே சோதித்துப் பாருங்கள். திருகு முழுக்க இறுகியபின் நுனி இருக்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஸ்பிரிங் தராசைக் கட்டி 20 கிலோ காட்டும்வரை இழுத்து விடுங்கள். நுனி கோட்டுக்கே திரும்பினால் கைப்பிடி தாங்குகிறது. திருகு நகர்ந்திருந்தால் இன்னும் இறுக்கி, புதுக் கோடு போட்டு மறுபடி பாருங்கள். குழாயைச் செருகி நீளத்தைக் கூட்ட மட்டும் யாரையும் விடாதீர்கள். இந்தக் கணக்கு 600 மி.மீ. வரைக்கும்தான்.

இப்படிக்கு,
பட்டறை ஃபோர்மேன்