படம் ஏறிவிட்டது, பதிவு எங்கே?

இன்ஸ்டாகிராமில் கடைக்காரர் தாமே படம் போட்டால் ஒரே தட்டலில் முடிந்துவிடும். அதையே அவருக்காக ஒரு மென்பொருள் செய்தால் இரண்டு முறை கேட்க வேண்டும்.

முதல் அழைப்பு `media`. படம் இருக்கும் இணைய முகவரியும் வாசகமும் அதில் போகும். இன்ஸ்டாகிராம் அந்த முகவரிக்குத் தானே போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு, ஓர் எண்ணைத் தரும். இந்த நிலையில் பக்கத்தில் எதுவும் தெரியாது. அந்த எண்ணை `creation_id` என்று `media_publish` அழைப்பில் கொடுத்தால்தான் பதிவு வெளியாகும்.

ஏன் இந்தச் சுற்று? படத்தைக் கொண்டுவந்து சரிபார்க்க நேரம் பிடிக்கும். காணொளி என்றால் இன்னும் அதிகம். அவசரப்பட்டு உடனே வெளியிடச் சொன்னால் பிழை வரக்கூடும். `status_code` என்ன சொல்கிறது என்று பார்த்து, `FINISHED` வந்தபின் வெளியிடுவதே முறை.

தீபாவளிச் சலுகைப் படத்தை இரண்டு நாள் முன்பே ஏற்றிவைக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். குறித்த நேரத்தில் வெளியாகாது. நிலை `EXPIRED` என்றிருக்கும். அந்த எண்ணின் ஆயுள் 24 மணி நேரம்தான். முன்கூட்டியே திட்டமிடுகிறவர்கள் படத்தைத் தங்கள் சர்வரிலேயே வைத்திருந்து, வெளியிடும் நேரம் நெருங்கும்போது முதல் அழைப்பை அனுப்புங்கள்.