அம்மாவுக்கு நம் குரல் ஏன் பிந்திப் போகிறது?

சனிக்கிழமை காலை மொன்றியலில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வீடியோ அழைப்பு எடுக்கிறோம். அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நாம் பேசியது அவருக்குப் பிந்திப் போய்ச் சேர, இருவரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கி, இருவரும் நிறுத்திவிடுகிறோம். தூரத்தைக் குறை சொல்வது வழக்கம். நேர்க்கோட்டில் அது 13,000 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். ஆகவே தூரம் கேட்பது 65 மில்லிசெக்கன்தான். கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். அரைச் செக்கன் தாமதம் பெரும்பாலும் நம் வீட்டு மோடத்திலேயே உண்டாகிறது.

மோடத்தை ஒரேயொரு காசாளர் இருக்கும் கடையாக நினையுங்கள். நம் மேலேற்ற வேகம் செக்கனுக்கு 10 மெகாபிற் என்றும், ஒரு பொதி சராசரியாக 10,000 பிற் என்றும் வைப்போம். ஒரு பொதியை அனுப்ப 1 மில்லிசெக்கன் ஆகும். செக்கனுக்கு 1,000 பொதிகள் போகலாம். வருகின்ற பொதிகளை இந்த 1,000ஆல் வகுத்தால் கிடைப்பது போக்குவரத்துச் செறிவு. பொதிகள் ஒழுங்கில்லாமல், சிலநேரம் கூட்டமாக வரும் என்பதால், 1,000க்குக் குறைவாக வந்தாலும் வரிசை உருவாகும். மிக எளிய மாதிரியில் ஒரு பொதி சராசரியாகச் செலவிடும் நேரம் இதுதான்:

```
T = 1 / (1000 - வருகை)
```

வருகை 500 என்றால் 2 மில்லிசெக்கன். 900 என்றால் 10. 990 என்றால் 100. கடைசிப் பத்து வீதத்துக்குள் தாமதம் பத்து மடங்காகிவிட்டது. மோடம் பாதி நேரம் சும்மா இருந்தால் வீண் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வரிசையில் எத்தனை பொதிகள் நிற்கின்றன என்பதை லிற்றில் விதி சொல்கிறது: வருகை வீதத்தைச் சராசரி நேரத்தால் பெருக்கினால் போதும். 900 × 0.01 = 9 பொதிகள். 990 × 0.1 = 99. ஜோன் லிற்றில் இதை 1961இல் நிறுவினார். பொதிகள் எந்த ஒழுங்கில் வந்தாலும், நீண்டகால சராசரிக்கு அது பொருந்தும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒன்றும் ஓடாதபோது ஒருமுறையும், கைபேசி புகைப்படங்களை மேலேற்றும்போது ஒருமுறையும் கணினியில் இதைத் தட்டுங்கள்:

```
ping 8.8.8.8
```

முதலில் 15 மில்லிசெக்கன், பின்பு 415 என்று வந்தால், கூடிய 400 மில்லிசெக்கன் வரிசையில் கழிந்த நேரம். 1,000 × 0.4 = 400: அம்மாவுக்கான சொற்களுக்கு முன்னால் நானூறு பொதிகள் நிற்கின்றன.

இங்கே மேலே சொன்ன சூத்திரம் கைகொடுக்காது, ஏனெனில் புகைப்பட மேலேற்றம் தானாக வரும் கூட்டம் அல்ல. பொதி தவறும் வரை அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் மோடத்தின் நினைவகத்தை நிரப்பும். வேகமான பொதி வாங்கினாலும் அதையும் நிரப்பப் பார்க்கும். மேலேற்றம் சீக்கிரம் முடியும் என்பதே லாபம். மேலேற்றத்தை 6 மெகாபிற்றுக்குக் கட்டுப்படுத்திவிட்டு அழைப்புக்கு 2 விட்டால் செறிவு 0.8. தாமதம் 5 மில்லிசெக்கன் அளவுக்கு இறங்கிவிடும். படங்கள் ஏற இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.