ஆர்.எஸ்.யூ. பங்குகள்: விற்காவிட்டாலும் வரி உண்டு

அமெரிக்க நிறுவனம் ஒன்றின் சென்னைக் கிளையில் சேரும் பொறியாளருக்குச் சம்பளத்துடன் 500 ஆர்.எஸ்.யூ. தருவதாகக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று அவர் கையில் ஒரு பங்கும் இல்லை. வேலையில் நீடித்தால் பங்கு தருவோம் என்ற வாக்குறுதிதான் ஆர்.எஸ்.யூ. அன்றைக்கு வரியும் இல்லை.

வாக்குறுதி பங்காக மாறுவதை ‘வெஸ்டிங்’ என்கிறார்கள். பரவலாக உள்ள நான்காண்டுத் திட்டத்தில், முதல் ஆண்டு முடிவில் கால்வாசி, அதாவது 125 பங்குகள் வரும். மீதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துத் தரப்படும். பதினோராவது மாதத்தில் வேலையை விட்டால் பொதுவாக எதுவும் கிடைக்காது.

பங்கு கணக்கில் சேரும் நாளில் அதன் சந்தை மதிப்பு முழுவதும் சம்பள வருமானமாகிவிடுகிறது. அவர் அதை விற்றாரா, வைத்திருக்கிறாரா என்பதை வருமான வரித்துறை பார்ப்பதில்லை. அன்று பங்கு 40 டாலர், டாலர் 85 ரூபாய் என்றால், ஒரு பங்கு 3,400 ரூபாய். 125 பங்குகளுக்கு 4,25,000 ரூபாய். அவர் 30 சதவீத வரம்பில் இருந்தால், செஸ் சேர்த்து 31.2 சதவீதம், அதாவது 1,32,600 ரூபாய் வரி. பல நிறுவனங்கள் இதற்காக 39 பங்குகளை அன்றே விற்று வரியைக் கட்டிவிடுகின்றன. அவர் கணக்கில் 86 பங்குகள் நிற்கும்.

விலை ஏறும் என்று அவர் காத்திருக்க, அடுத்த ஆண்டு பங்கு 25 டாலருக்கு இறங்குகிறது. டாலர் அதே 85 ரூபாய் என்றால், 2,92,400 ரூபாயாக இருந்த 86 பங்குகளை விற்றால் 1,82,750 ரூபாய்தான் கிடைக்கும். வரியோ பழைய, உயர்ந்த விலைக்குக் கட்டியாயிற்று, அது திரும்பாது. 1,09,650 ரூபாய் மூலதன நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால், எட்டு ஆண்டுகள் வரை மற்ற மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

விலை ஏறிய பிறகு விற்பவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். இலவசமாக வந்த பங்குதானே என்று வாங்கிய விலையைப் பூஜ்யம் எனக் காட்டினால், வரி கட்டிய தொகைக்கே மறுபடியும் வரி கட்ட நேரும். இவருக்கு வாங்கிய விலை 3,400 ரூபாய். அதற்கு மேற்பட்டதே லாபம். வெளிநாட்டுப் பங்கை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்கு முன் விற்றால் அவரவர் வருமான வரம்பின்படி.

ஆகவே பங்கு வந்த அன்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 2,92,400 ரூபாய் ரொக்கமாக வந்திருந்தால், அதைக் கொண்டு இதே நிறுவனத்தின் பங்கை வாங்கியிருப்பேனா? இல்லை என்றால் அன்றே விற்பதுதான் சரி. ஏற்கெனவே சம்பளம் அந்த நிறுவனத்தை நம்பியிருக்கிறது; சேமிப்பும் அதையே நம்ப வேண்டியதில்லை.