பாதரசத்தின் மேல் நிற்கும் தண்ணீரை மறக்காதீர்கள்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா பார்ம் பக்கம் போயிருக்கிறீர்களா? காய்கறிச் சந்தைக்குப் பின்னால் சரிவைப் பாருங்கள். ஓடையிலிருந்து பண்ணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்பு பிளாஸ்டிக் குழாய்கள் நீளமாகக் கிடக்கும். பம்பு வேண்டியதில்லை. மேலே இருக்கும் ஓடைக்கும் கீழே இருக்கும் பாத்திக்கும் உள்ள உயர வித்தியாசமே தண்ணீரைத் தள்ளிவிடுகிறது.

மழைக்குப் பிறகு ஓடையில் மண்ணும் இலைத்தூளும் வரும். அவை தெளிப்பான்களை அடைத்துவிடாமல் இருக்க, வழியில் ஒரு வடிகட்டி வைப்பார்கள். சில நாட்களில் வடிகட்டியே அடைபடத் தொடங்கும். கடைசிப் பாத்தியில் தெளிப்பான் வலுவிழக்கும். வடிகட்டியைத் திறந்து பார்க்காமலே அது எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று சொல்ல முடியுமா? முடியும். வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைச் சொல்லிவிடும்.

பண்ணைகளில் இதற்கு முள் காட்டும் அழுத்தமானிகள் இரண்டைப் பொருத்துவது வழக்கம். ஆனால் குழாயில் 400 கிலோபாஸ்கல் அழுத்தம் இருக்கும்போது, 10 கிலோபாஸ்கல் வித்தியாசம் முள்ளின் சிறு அசைவாகத்தான் தெரியும். வித்தியாசத்தை மட்டும் நேரடியாகக் காட்டும் கருவி ஒன்று உண்டு. அதுதான் யூ வடிவ மானோமீட்டர்.

ஒரே மட்டம், ஒரே திரவம்

மானோமீட்டரைப் படிக்க ஒரு விதி போதும். அசையாமல் நிற்கும் ஒரே திரவத்தில், அறுபடாமல் தொடரும் பகுதியில், ஒரே மட்டத்தில் உள்ள எந்த இரண்டு புள்ளிகளிலும் அழுத்தம் சமம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை யூ வடிவில் வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் சமையல் எண்ணெயை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெதுவாக ஊற்றுங்கள். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, அதே மட்டத்தை மறுபக்கத்திலும் குறியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே தண்ணீர் சுமார் 9 சென்டிமீட்டர்தான் நிற்கும். எண்ணெயின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு என்பதால், 10 சென்டிமீட்டர் எண்ணெயின் எடையை 9 சென்டிமீட்டர் தண்ணீர் சமன் செய்கிறது.

குழாய் தடிமனா மெலிசா என்பது இதில் கணக்கே இல்லை. உயரமும் அடர்த்தியும் மட்டுமே கணக்கு.

பாடநூல் மானோமீட்டரும் பண்ணை மானோமீட்டரும்

பள்ளியில் நீங்கள் பார்க்கும் மானோமீட்டர் பெரும்பாலும் வாயுவின் அழுத்தத்தை அளக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் நீண்ட தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். விசிறி கீழிருந்து காற்றைத் தள்ள, அது இலைப் படுகையை ஊடுருவி மேலே வரும். தொட்டிக்கு உள்ளே உள்ள காற்றழுத்தத்தைத் தண்ணீர் நிரப்பிய யூ குழாயால் அளந்தால், தண்ணீர் மட்டங்களின் வித்தியாசத்தை அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் போதும். குழாய்க்குள் இருக்கும் காற்றின் எடை மிகச் சிறியது, அதை விட்டுவிடலாம்.

தண்ணீர்க் குழாயில் அப்படி விட முடியாது. யூ குழாயின் அடியில் பாதரசம் இருக்கிறது. அதன் மேலே, இரு பக்கமும், குழாய் வரை தண்ணீர் நிரம்பி நிற்கிறது. அந்தத் தண்ணீருக்கும் எடை உண்டு. இங்கேதான் பல மாணவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள்.

கணக்கில் நடந்து பார்ப்போம்

கிடைமட்டக் குழாயில் வடிகட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் உள்ள துளை அ, பின்னால் உள்ள துளை ஆ. இரண்டும் ஒரே உயரத்தில் உள்ளன. இரண்டிலிருந்தும் மெல்லிய குழாய்கள் இறங்கி யூ குழாயின் இரு கைகளில் சேர்கின்றன. தண்ணீர் ஓடும்போது அ பக்கத்துப் பாதரசம் இறங்கி, ஆ பக்கத்துப் பாதரசம் ஏறியிருக்கிறது. மட்ட வித்தியாசம் 150 மில்லிமீட்டர், அதாவது 0.15 மீட்டர்.

இப்போது விரலை அ-வில் வைத்து நடங்கள். கீழே இறங்கினால் அழுத்தம் கூடும். மேலே ஏறினால் குறையும். அ-விலிருந்து தண்ணீர் வழியாகத் தாழ்ந்த பாதரச மட்டம் வரை இறங்குங்கள். அதே மட்டத்தில் பாதரசத்துக்குள்ளேயே மறுகைக்குத் தாவுங்கள், அழுத்தம் மாறாது. அங்கிருந்து 0.15 மீட்டர் பாதரசம் வழியாக ஏறி, மீதியைத் தண்ணீர் வழியாக ஏறி ஆ-வை அடையுங்கள்.

இறங்கிய உயரமும் ஏறிய உயரமும் ஒன்றுதான். இறங்கும்போது முழுவதும் தண்ணீர். ஏறும்போது அதில் 0.15 மீட்டர் மட்டும் பாதரசம். மற்ற தண்ணீர் இரு பக்கமும் சமமாகி அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது, 0.15 மீட்டர் பாதரசத்துக்கும் 0.15 மீட்டர் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம்.

பாதரசத்தின் அடர்த்தி 13,600. தண்ணீரின் அடர்த்தி 1,000 (கனமீட்டருக்குக் கிலோகிராம்). கழித்தால் 12,600.

12,600 × 9.81 × 0.15 = சுமார் 18,500 பாஸ்கல்

அதாவது 18.5 கிலோபாஸ்கல். இது ஏறக்குறைய 1.9 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். வடிகட்டி மட்டுமே அவ்வளவு உயரத்தை விழுங்கியிருக்கிறது. ஓடையின் நீர்மட்டம் 1.9 மீட்டர் கீழே இறங்கிவிட்டதைப் போன்ற இழப்பு இது.

தண்ணீரைக் கழிக்காமல் 13,600 என்றே போட்டிருந்தால் 20 கிலோபாஸ்கல் வந்திருக்கும். எட்டு விழுக்காடு பிழை. சிறியதுதானே என்று தோன்றலாம். பாதரசத்துக்குப் பதிலாகத் தண்ணீரைவிட 1.6 மடங்கு அடர்த்தியான, தண்ணீரில் கலக்காத திரவம் ஒன்றைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? சரியான பெருக்கு எண் 600. மறந்தவர் 1,600 போடுவார். விடை இரண்டரை மடங்குக்கும் மேல் தவறிப்போகும்.

பிறகு ஏன் அப்படிப்பட்ட லேசான திரவத்தைப் பயன்படுத்த வேண்டும்? சிறிய வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டுவதால்தான். 1 கிலோபாஸ்கல் வித்தியாசத்துக்குப் பாதரசம் 8 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். 1.6 மடங்குத் திரவம் 170 மில்லிமீட்டர் நகரும். இரண்டு திரவங்களின் அடர்த்திகள் எவ்வளவு நெருங்குகின்றனவோ, அவ்வளவு நுட்பமாகக் கருவி பேசும். பாதரசம் நச்சுப் பொருள் என்பதாலும் இன்று பல இடங்களில் அது கைவிடப்பட்டுவிட்டது. நீங்கள் அதைக் கையாள வேண்டாம்.

சரிவில் ஒரு புதிர்

கியா பார்ம் சரிவுக்கு வருவோம். குழாய் மலையிலிருந்து இறங்குகிறது. அ மேலே, ஆ அதைவிட 3 மீட்டர் கீழே. கடைசி வால்வை மூடிவிட்டோம். தண்ணீர் நிற்கிறது. ஆ-வில் அழுத்தம் அ-வைவிட 1,000 × 9.81 × 3, அதாவது 29.4 கிலோபாஸ்கல் அதிகம். மானோமீட்டர் என்ன காட்டும்?

பூஜ்யம். பாதரசம் இரு பக்கமும் சமமாக நிற்கும். அ-விலிருந்து இறங்கும் மெல்லிய குழாயில் 3 மீட்டர் தண்ணீர் கூடுதலாக இருக்கிறதல்லவா? அதன் எடை ஆ-வின் கூடுதல் அழுத்தத்தைச் சரிக்கட்டிவிடுகிறது.

இப்போது வால்வைத் திறக்கிறோம். தண்ணீர் அ-விலிருந்து ஆ-வுக்கு ஓடுகிறது. அ பக்கத்துப் பாதரசம் இறங்கி, 20 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிகிறது. 12,600 × 9.81 × 0.02 என்பது சுமார் 2.5 கிலோபாஸ்கல். "அ-வில் அழுத்தம் 2.5 கிலோபாஸ்கல் அதிகம்" என்று எழுதிவிடாதீர்கள். உண்மையில் ஆ-வில்தான் அழுத்தம் இன்னும் அதிகம்: 29.4-இலிருந்து 2.5-ஐக் கழித்தால் 26.9 கிலோபாஸ்கல். அந்த 2.5 என்பது வழியில் உராய்வால் இழந்த அளவு.

ஆகவே சரிவான குழாயில் மானோமீட்டர் காட்டுவது அழுத்த வித்தியாசத்தை அல்ல. உயரத்தின் பங்கை நீக்கிய பிறகு மிஞ்சும் இழப்பை. அடைப்பைத் தேடுபவருக்கு அதுவே தேவை. அழுத்த வித்தியாசம் வேண்டுமென்றால், உயரத்தின் பங்கை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் குறைவாயிற்றே, அது கணக்கைக் கெடுக்காதா? கெடுக்காது. இரு கைகளும் குழாயோடுதான் இணைந்திருக்கின்றன. வெளிக்காற்று எந்தக் கையையும் தொடுவதில்லை.

குமிழி என்னும் திருடன்

இந்தக் கணக்கெல்லாம் மெல்லிய குழாய்களில் தண்ணீர் முழுமையாக நிரம்பியிருந்தால்தான் செல்லும். ஓடைத் தண்ணீர் காற்றையும் இழுத்து வரும். அ பக்கத்துச் செங்குத்துக் குழாயில் 30 சென்டிமீட்டர் நீளத்துக்குக் காற்று சிக்கிவிட்டால், அங்கே இருக்க வேண்டிய தண்ணீரின் எடை இல்லாமல் போகும். அளவீடு சுமார் 24 மில்லிமீட்டர் குறையும். அடைபட்ட வடிகட்டி சுத்தமானது போலத் தோன்றும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. வடிகட்டிக்குக் கீழே உள்ள வால்வை மூடுங்கள். குழாய் நிரம்பியபடி தண்ணீர் நின்றதும் பாதரசம் இரு பக்கமும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ காற்று இருக்கிறது. மெல்லிய குழாய்களின் மேல்முனையில் உள்ள சிறு திறப்பைத் திறந்து, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை விட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சட்டென்று திறந்தால் பாதரசம் குழாய்க்குள் தள்ளப்பட்டுவிடும். அதனால்தான் இரு கைகளையும் இணைக்கும் வால்வை முதலில் திறந்து வைத்து, கடைசியில் மூடுவார்கள்.

இன்னொன்று: நேற்றைய அளவீட்டையும் இன்றையதையும் ஒப்பிடும்போது தண்ணீரின் ஓட்டம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஓட்டம் பாதியானால் வடிகட்டியின் இழப்பு ஏறக்குறைய கால் பங்காகிவிடும். பாதி வால்வை மூடிவிட்டு அளந்தால் அழுக்கு வடிகட்டியும் நல்ல பிள்ளையாகிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

கிடைமட்டத் தண்ணீர்க் குழாய். மானோமீட்டரில் தண்ணீரைவிட 1.6 மடங்கு அடர்த்தியான திரவம். மட்ட வித்தியாசம் 250 மில்லிமீட்டர். அழுத்த வித்தியாசம் என்ன? விரலை வைத்து நடந்து பார்த்துவிட்டு, பிறகு விடையைப் படியுங்கள்.

விடை: 600 × 9.81 × 0.25 = சுமார் 1,470 பாஸ்கல். உங்களுக்கு 3,900-க்கு மேல் வந்திருந்தால், திரவத்தின் மேல் நிற்கும் தண்ணீரை மறந்திருக்கிறீர்கள்.