விடிகாலை வயிற்றுவலி

விடிகாலை நான்கு மணி. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த விவசாயி ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறார், வாந்தியும் வருகிறது. ஆறு மணிக்குள் இமைகள் சொருகிவிடுகின்றன, பேச்சு குழறுகிறது. உடம்பில் கடித்த தடம் இல்லை. "நேத்து சாயங்காலம் பூச்சிமருந்து அடிச்சாருங்க டாக்டர், அந்த நெடிதான் ஏறியிருக்கணும்" என்கிறார்கள் வீட்டார். மருத்துவ மாணவர்களுக்கு அவசர சிகிச்சைத் தேர்வில் இப்படியொரு நோயாளியைக் காட்டிக் கேள்வி கேட்பதுண்டு. பூச்சிமருந்தா, பாம்பா?

விடை அவர் உடம்பிலேயே இருக்கிறது.

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்புவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக. வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி உண்டு. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால் அசிட்டைல்கோலின் தேங்கிப்போகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். எச்சிலும் வியர்வையும் பெருகும். நுரையீரலில் நீர் கோத்து நெஞ்சு களகளக்கும். இந்த விவசாயிக்கோ நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வியர்வை இல்லை, கண்மணி சுருங்கவில்லை. இமை மட்டும் விழுகிறது.

கடித்தது கட்டுவிரியன். இரவில் வீட்டுக்குள் வரும் இந்தப் பாம்பின் பல் மிகச் சிறியது. வலியோ வீக்கமோ இல்லாததால் தூங்குகிறவருக்குக் கடிபட்டதே தெரியாது. அதன் நஞ்சு நரம்பு நுனியையே சிதைத்து, அசிட்டைல்கோலின் வெளிவராமல் செய்துவிடும்.

சிகிச்சையும் இங்கேதான் பிரிகிறது. பூச்சிமருந்து நஞ்சுக்கு அட்ரோபின் ஊசி. முதலில் 1.8 முதல் 3 மில்லிகிராம்; நெஞ்சு தெளியாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கொரு முறை அளவை இரட்டிப்பாக்க வேண்டும். நாடி வேகமாகிவிட்டதே என்று நெஞ்சு தெளியும் முன்பே நிறுத்துவது ஆபத்தான தவறு.

கட்டுவிரியன் கடிக்கு நஞ்சுமுறி மருந்து 10 குப்பி, சுமார் ஒரு மணி நேரத்தில் டிரிப்பாக ஏற்றப்படும். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனெனில் பாம்பு செலுத்தும் நஞ்சு ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் கையில் இருக்க வேண்டும். ஆனால் இந்த மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சை மட்டுமே முறிக்கும். சிதைந்த நரம்பு நுனி தானாக வளர நாட்கள் ஆகும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாவிட்டால் மூச்சுத் தசைகள் தளர்கின்றன என்று பொருள். அதுமுதல் அவரைக் காப்பது வெண்டிலேட்டர். கண்மணி விரிந்து அசைவற்றுக் கிடப்பதைப் பார்த்து மூளைச்சாவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவருக்கு நினைவு இருக்கலாம், பேசுவதும் கேட்கலாம்.

இறந்துவிட்டால் பொறுப்பு தடயவியலுக்குப் போகிறது. உள்ளுறுப்புகளைப் பார்மலினில் போட்டால் நஞ்சைக் கண்டுபிடிப்பது கடினம். செறிவான உப்புக் கரைசலில்தான் வைக்க வேண்டும்.

தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமையும் சொருகினால், வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். வெண்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.