அதிரம்பாக்கம் பட்டியலும் சிவப்புப் பேனாவும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படிக்கும் நண்பர் ஒருவர், "அண்ணா, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று ஒரு பட்டியலை அனுப்பினார். அனோட்டேட்டட் பிப்ளியோகிராபி, அதாவது குறிப்புரையோடு கூடிய நூற்பட்டியல். ஒவ்வொரு நூலுக்கும் கட்டுரைக்கும் கீழே ரெண்டு விஷயம் இருக்கணும். அது என்ன சொல்கிறது என்ற சுருக்கம் ஒன்று. நம்ம ஆய்வுக்கு அது எதற்குப் பயன்படும் என்ற குறிப்பு இன்னொன்று. மொத்தம் 14 பதிவுகள்.

அவருடைய தலைப்பு நல்ல தலைப்பு. திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிற அதிரம்பாக்கத்தின் கற்கருவிகளுக்கு, 1863-லிருந்து இன்றுவரை எப்படி எப்படிக் காலம் கணித்தார்கள் என்பதுதான் கேள்வி. ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அந்த வருஷம்தான் அங்கே கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவின் நீண்ட அகழாய்விலிருந்து 2011-ல் 'சயின்ஸ்' இதழிலும் 2018-ல் 'நேச்சர்' இதழிலும் கட்டுரைகள் வந்தன.

இப்படி ஒரு பட்டியல் கையில் வந்ததும் எல்லாருக்கும் காற்புள்ளியைத் திருத்தத்தான் கை போகும். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். பயன் குறிப்பைச் சரியாக எழுத உட்கார்ந்தால் சில பதிவுகள் பட்டியலை விட்டே போய்விடும். போகப்போகிற பதிவுக்கு எதுக்குக் காற்புள்ளி?

பயன் குறிப்புக்கு நான் வைக்கிற சோதனை சின்னது. தலைப்பைக் கையால் மூடிக்கொண்டு குறிப்பை மட்டும் படிப்பேன். அதை அப்படியே தூக்கி வேறொரு பதிவுக்குக் கீழே வைத்தாலும் பொருந்துகிறதென்றால் அது குறிப்பே இல்லை. நண்பரின் பட்டியலில் ஒன்பது பதிவுகளுக்கு "இக்கட்டுரை எனது ஆய்வுக்கு மிகவும் பயனுள்ளதாக இருக்கும்" என்ற ஒரே வரி, வார்த்தை மட்டும் கொஞ்சம் மாறி மாறி.

2018 கட்டுரைக்கு அவர் எழுதியிருந்தது வேற மாதிரி. "15 லட்சம் ஆண்டு என்று முன்பு சொன்னதை இக்கட்டுரை 3.85 லட்சம் ஆண்டு என்று திருத்துகிறது." இடம் மாற்ற முடியாத குறிப்பு, ஆனா தப்பு. 2011 கட்டுரை பேசுவது கீழே இருக்கிற அடுக்குகளில் கிடைத்த அச்சூலியன் கைக்கோடரிகளைப் பற்றி. 2018 கட்டுரை பேசுவது அதற்கு மேலே இருக்கிற அடுக்குகளில் தொடங்கும் இடைப் பழைய கற்காலக் கருவிகளைப் பற்றி. ஒன்று இன்னொன்றைத் திருத்தவில்லை. ஒரே குழியில் ரெண்டு வெவ்வேறு கேள்விக்கு ரெண்டு பதில். இந்தக் குறிப்பு அப்படியே போயிருந்தால் அவருடைய மூன்றாம் அத்தியாயமே கோணலாக நின்றிருக்கும். பொதுவான வரியைவிட இந்த மாதிரித் தப்புதான் ஆபத்து, ஏன்னா படிக்கும்போது நன்றாக இருக்கும்.

இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுருக்கத்திலிருந்துதான். பட்டியலின் ஓரத்தில் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் எத்தனை சொல் என்று எண்ணி எழுதினேன். ஃபுட்டின் கட்டுரைக்கு 140 சொல். 2018 கட்டுரைக்கு 12. நீளம் மாறலாம், அது குற்றமில்லை. ஆனா அந்த 140 சொல்லும் ஃபுட்டின் வாழ்க்கை வரலாறு. கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரு வரி இல்லை. 12 சொல் சுருக்கமோ தலைப்பையே தமிழில் திருப்பிச் சொன்னது.

அவர் கேள்வி காலக் கணிப்பைப் பற்றியது. அப்போ ஒவ்வொரு சுருக்கமும் ஒரே நாலு விஷயத்தைச் சொன்னால் போதும்: எந்த அடுக்கு, என்ன சான்று, எந்த முறை, கிடைத்த காலம் எவ்வளவு துல்லியம். ஃபுட்டுக்கு இது மூணே வரியில் முடிந்தது. லேட்டரைட் படிவுகளில் குவார்ட்சைட் கருவிகள். காலத்தை அவர் படிவின் இடத்தை வைத்துத்தான் பேசுகிறார். ஆண்டுக் கணக்கு கிடையாது, அன்றைக்கு அதற்கு வழியும் இல்லை. 2011 கட்டுரைக்கு: மண்ணுக்குள் புதைந்த பிறகு குவார்ட்சைட்டில் அலுமினியம்-26, பெரிலியம்-10 குறைந்த விகிதம், கூடவே மண்ணின் காந்தத் திசை, சராசரி 15.1 லட்சம் ஆண்டு, பிழை 70 ஆயிரம் கூடக்குறைய, எப்படியும் 10.7 லட்சத்துக்கு முந்தையது. நண்பர் "15 லட்சம்" என்று மட்டும் எழுதியிருந்தார். 2018 கட்டுரைக்கு: மணல் துகள்கள் கடைசியாக வெயில் பட்ட காலத்தைச் சொல்லும் ஒளிர்வு முறை, தொடக்கம் 3.85 லட்சம் ஆண்டு, பிழை 64 ஆயிரம் கூடக்குறைய. இந்த மூணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுமே, "அண்ணா, முறையே வேற, அடுக்கே வேற" என்று அவரே போனில் சொல்லிவிட்டார்.

கடைசியில் மேற்கோள் வடிவம். இங்கேயும் சும்மா அழகுக்காகப் பார்க்கிற தப்புகளை வேகமாகக் கடந்துவிட்டேன். ஒன்றில் ஆசிரியர் எல்லாரும் பெயரோடு, இன்னொன்றில் முதல் ஆளோடு "மற்றும் பலர்". துறை கேட்கிற பாணி எதுவோ அதை ஒரேபடியாக வைத்தால் சரி. படிப்பவரைத் தடம் மாற்றிவிடுகிற தப்புகள் வேறு. ஃபுட் ஒரு இடத்தில் 'ஃபு' வரிசையிலும் இன்னொரு இடத்தில் 'புரூஸ் ஃபுட்' என்று 'பு' வரிசையிலும் நின்றார். பார்ப்பவருக்கு ரெண்டு ஆள். அவர் கட்டுரைக்கு வருஷம் 1863 என்று இருந்தது. அது கருவி கிடைத்த வருஷம். 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது 1866. ஊர்ப் பெயர் நாலு பதிவில் அதிரம்பாக்கம், ரெண்டில் அத்திரம்பாக்கம். நம்ம வாக்கியத்தில் ஒரே எழுத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனா நூல் தலைப்புக்குள் இருப்பதைத் தொடக்கூடாது. தேடும்போதும் Attirampakkam, Atirampakkam ரெண்டையும் போட்டுப் பார்க்கணும்.

வருஷங்களைச் சரிபார்க்கும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. 1866-க்கு அடுத்து நேரே 2000-க்குப் பிறகுதான் பதிவுகள். நடுவில் யாருமே வேலை செய்யவில்லையா? செய்தார்கள். நண்பர் "திருவள்ளூர்" என்று தேடியிருந்தார். அந்த மாவட்டம் பிறந்ததே 1997-ல். அதற்கு முன்னால் அது செங்கல்பட்டு மாவட்டம். இன்னும் பழைய எழுத்துகளில் 'மெட்ராஸ்' என்ற பெயருக்குள் அடங்கிவிடும். டி டெர்ராவும் பேட்டர்சனும் 1939-ல் எழுதிய பனியுக நூலில் இந்தப் பகுதி மெட்ராஸ் என்றுதான் வருகிறது. அறுபதுகளில் கே.டி. பானர்ஜி செய்த அகழாய்வு, தொல்லியல் துறையின் 'இந்தியன் ஆர்க்கியாலஜி' ஆண்டு மலரில் இருக்கிறது. அந்த மலரைக் குறிக்கும்போது கவனம் வேணும். 1964-65 என்பது வேலை நடந்த வருஷம். அச்சானது சில வருஷம் கழித்து. ரெண்டையும் எழுதணும்.

பயன் குறிப்பு எழுத முடியாமல் ஐந்து பதிவுகள் விழுந்தன. அதில் மூணு, பூண்டி அருங்காட்சியகத்தைப் பற்றிய சுற்றுலாக் கட்டுரைகள். நடுவில் விட்டுப்போனவை ரெண்டு சேர்ந்தன. இப்போ 11. ஆண்டு மலரை மட்டும் அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் அதன் சுருக்கத்தைக் காலியாகவே விட்டு, "படிக்கவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த வார ஆஃபில் நூலகத்துக்குப் போகிறாராம்.